செயலி வழி வரும் மெக்கானிக்: நட்சத்திரம் அளக்காத வேலை

பிளம்பரையோ எலக்ட்ரீஷியனையோ செயலி மூலம் கூப்பிடலாமா என்று மொத்தமாகக் கேட்டால், ‘பார்த்து கூப்பிடுங்கள்’ என்பதுபோல் உதவாத பதில்தான் கிடைக்கும். வீட்டில் நடக்கும் பழுது வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பேச்சு தெளிவாகிறது. சொட்டும் குழாயை மாற்றுவது, மின்விசிறி மாட்டுவது, சுவரில் அலமாரி பொருத்துவது போன்றவற்றில் வேலை முடிந்ததா, ஒழுங்காக முடிந்ததா என்பதை வீட்டிலிருக்கும் யாரும் பார்த்துச் சொல்லலாம். ஏ.சி. ஏன் குளிரவில்லை, மின்சாரம் ஏன் அடிக்கடி டிரிப் ஆகிறது, சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பவை வேறு வகை. இங்கே பழுது இன்னதென்று சொல்பவரும் அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆள். அவர் சொன்னது சரிதானா என்று வேலை முடிந்த பிறகும் நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்கி அனுபவித்த பிறகும் தரம் தெரியாத இப்படிப்பட்ட சேவைகளைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றில் ஏமாற்று ஏன் தங்கிவிடுகிறது என்பதை மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1973-இலேயே எழுதினார்கள். நட்சத்திர மதிப்பீடு, விலைப்பட்டியல், ஆள் சரிபார்ப்பு என்று செயலிகள் தரும் மூன்று உறுதிகளும் முதல் வகை வேலைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. இரண்டாம் வகையில் மூன்றும் கைவிடுகின்றன. அங்கே செயலியால் வரும் பலன் வேறொன்று. அதைத்தான் நாம் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை.

செயலிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. 1996-இல் தொடங்கிய ஜஸ்ட் டயல் போன்றவை அடிப்படையில் பெயர்ப் பட்டியல்கள். நீங்கள் தேவையைச் சொன்னால் உங்கள் எண் பல கடைகளுக்குப் போகும். விலையும் வேலையும் உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையிலானவை. 2014-இல் அர்பன் கிளாப் என்று தொடங்கி 2020-இல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாறிய நிறுவனம் செல்வது வேறு வழி. விலையை அதுவே வைக்கிறது, ஆளை அதுவே அனுப்புகிறது, வேலைக்கு உத்தரவாதமும் அதுவே தருகிறது. இங்கே பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையைப் பற்றி. நம்பிக்கை முழுவதையும் தன் பெயரில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்வது இதுதான் என்பதால் சோதனையும் இதற்குத்தான் பொருந்தும்.

சென்னையின் ஏப்ரல், மே மாதங்களில் அதிகம் நடக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.சி., ஆர்-32 கேஸ், இன்வெர்ட்டர் வகை, சரியாகக் குளிரவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். உள்ளே ஃபில்ட்டரும் காயிலும் அழுக்கேறிக் காற்று குறைந்திருக்கலாம். வெளியில் இருக்கும் யூனிட்டின் காயிலில் தூசி அடைத்து வெப்பம் வெளியேறாமல் இருக்கலாம். வெளி மின்விசிறி மெதுவாகச் சுற்றலாம். வெப்பத்தை உணரும் சென்சார் கெட்டிருக்கலாம். இவை எல்லாம் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் முடிந்துவிடக்கூடியவை. கேஸ் குறைவு இந்த வரிசையில் ஒரு காரணம் மட்டுமே. ஆனால் செயலியின் விலைப்பட்டியலில் பெரிய தொகைக்கு நிற்கும் வரிகளில் அதுவும் ஒன்று, வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வதும் அதைத்தான். ‘கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிட்டா சரியாயிடும்’ என்றால் அதை மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

உண்மையில் கொஞ்சம் இருக்கிறது. ஏ.சி.யில் இருக்கும் கேஸ், வாகனத்தில் பெட்ரோல் தீர்வதுபோல் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே அது சுற்றிவருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள் (பொருத்தும்போதே குறைவாக நிரப்பியிருந்தால் ஒழிய). அதனால் ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவது பாதி வேலை. முழு வேலை இப்படி நடக்கும்: முதலில் இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பார்கள். அதில் தெரியாவிட்டால் மிச்ச கேஸை எடுத்துவிட்டு, நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். ஓட்டையை அடைத்த பிறகு வேக்குவம் பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுப்பார்கள்; இதற்கே அரை மணி நேரம் வேண்டும். கடைசியாக, வெளி யூனிட்டின் தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை கிராமை, சிலிண்டரைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால், மீட்டரில் அழுத்தத்தைப் பார்த்து ‘போதும்’ என்று நிறுத்துவது வெறும் ஊகம். எடைதான் கணக்கு.

இந்த வேலைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அடுத்த முன்பதிவுக்கு நேரம் குறித்துவிட்டு, இரு சக்கர வண்டியில் ஒரு சின்ன சிலிண்டரோடு வந்த ஆளிடம் அந்த நேரமும் இல்லை, நைட்ரஜனும் இல்லை. அவர் கேஸ் ஏற்றுகிறார். ஏ.சி. குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியிலேயே வீட்டுக்காரர் ஐந்து நட்சத்திரம் தருகிறார், பொய்யாகவும் அல்ல. ஓட்டை சிறியதாக இருந்தால் கேஸ் மறுபடி இறங்கச் சில மாதங்கள் ஆகலாம். வேலைக்குத் தரும் உத்தரவாதமோ முப்பது நாள் என்பதுபோல் குறுகியது. கடலோரத்தின் உப்புக் காற்றில் காயில் அரிக்கும் வீடுகளில் இது ஆண்டுதோறும் நடக்கும் சடங்காகவே ஆகிவிடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் வேறொரு ஆள், வேறொரு ஐந்து நட்சத்திரம். ஏமாற்று என்றே சொல்ல முடியாத ஏமாற்று இது: வந்தவர் சொன்னது பொய்யல்ல, கேஸ் குறைந்துதான் இருந்தது.

நட்சத்திரம் அளப்பது எதை என்று இதிலிருந்து தெரிகிறது. வந்த நேரம், பேசிய விதம், இடத்தைச் சுத்தமாக விட்டுப்போனது, தொந்தரவு அப்போதைக்கு நின்றது, இவ்வளவுதான். இவை அற்பமானவை அல்ல. சொன்ன நேரத்துக்கு வராத பிளம்பருக்காக ஒரு நாள் விடுப்பை இழந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் பழுதைச் சரியாகக் கண்டறிந்தாரா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. மதிப்பீடு கேட்கும் நேரத்தில் அதற்கு விடையே இல்லாததால் இருக்கவும் முடியாது.

போதாததற்கு, எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே எண். நேரில் சந்தித்த ஒருவருக்கு மதிப்பெண் போடச் சொன்னால் மக்கள் தாராளமாகவே போடுகிறார்கள். ஏர்பிஎன்பி தளத்தை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அங்கிருந்த தங்குமிடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை சராசரியாக நான்கரையோ ஐந்தோ நட்சத்திரம் பெற்றிருந்தது தெரியவந்தது. வீட்டுச் சேவைகளில் இந்தத் தாராளத்தோடு அச்சமும் சேர்கிறது. 2023-இல் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பணியாளர்கள் பல நகரங்களில் போராடினார்கள். மதிப்பீடு ஓர் எல்லைக்குக் கீழே போனதற்காகத் தங்கள் கணக்குகளை முடக்கிவிட்டார்கள் என்பது அவர்களின் முக்கியக் குறை. அப்போது செய்திகளில் அடிபட்ட எல்லை 4.7. நான்கு நட்சத்திரம் போடுவது வீட்டுக்காரருக்கு ‘பரவாயில்லை, நல்ல வேலை’ என்று சொல்வது. அந்த எல்லையை வைத்துப் பிழைப்பவருக்கு அது வேலைக்கே உலை. அதனால் அவர் கதவருகே நின்று ஐந்து கேட்கிறார், நாமும் இரக்கத்தில் போடுகிறோம். 4.76-க்கும் 4.83-க்கும் நடுவில் நாம் தேடும் வேறுபாடு, பெரும்பாலும் யார் எவ்வளவு உருக்கமாகக் கேட்டார் என்பதன் வேறுபாடு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. போலி மதிப்புரைகளைத் தடுக்க அது உதவலாம். இங்கே உள்ள சிக்கல், உண்மையான வாடிக்கையாளர் உண்மையாகவே எழுதியும் வேலையின் தரம் அதில் ஏறாமல் போவது.

எண்ணை விட்டுவிட்டு, எழுத்தில் இருக்கும் மதிப்புரைகளைப் படிப்பது ஓரளவு பயன்படும். அதிலும் தேட வேண்டியது ஒன்றே: வேலை முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகு எழுதியது. ‘மறுபடி அதே பிரச்சினை’ என்று தொடங்கும் இரண்டு வரி, ‘மிகவும் பண்பானவர்’ என்ற இருபது வரிகளைவிடப் பயனுள்ளது.

விலைக்கு வருவோம். செயலிகளின் விலைப்பட்டியல் ஒரு பழைய தொல்லையைத் தீர்த்திருப்பது உண்மை. வீட்டின் அளவையும் வாசலில் நிற்கும் காரையும் பார்த்துக் கூலி சொல்லும் வழக்கத்துக்கு அது கடிவாளம் போட்டது. குறிப்பாகத் தனியாக இருக்கும் பெண்களிடமும் முதியவர்களிடமும் வெளியூரிலிருந்து வந்தவர்களிடமும் ஒரே தொகையைத்தான் கேட்க முடிகிறது. ஆனால் பட்டியல் நிர்ணயிப்பது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு என்பதை. எந்த வேலை தேவை என்பதை அல்ல. கூலியை இறுக்கிப் பிடித்தால் செலவு, பழுதைச் சொல்லும் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்க முடியாத ஆள், இரண்டாயிரம் ரூபாய் வேலை ஒன்றைச் சொல்லலாம். அந்தப் பரிந்துரை விலைப்பட்டியலுக்கு உட்பட்டதே என்பதால், செயலியின் கணக்கில் அது ஒழுங்கான பில். நிறுவனம் ஒவ்வொரு வேலையிலும் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் இடத்தில், சின்ன வேலையில் கைக்கு வருவது போக்குவரத்துக்கே சரியாகப் போகும். பெரிய வேலையை நோக்கித் தள்ளும் விசை பட்டியலிலேயே இருக்கிறது.

இந்த விசை எவ்வளவு வலுவானது என்பதற்கு ஆஸ்திரியாவில் நடந்த கணினிப் பழுதுச் சோதனை ஒன்று நல்ல சான்று. கெர்ஷ்பாமர், நொய்ரூரர், சுட்டர் ஆகியோர் 2016-இல் அதை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி பழுதாக்கிய கணினிகளைப் பல கடைகளுக்குக் கொடுத்தார்கள். சில கடைகளில் மட்டும், காப்பீடு பணம் தரும் என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார்கள். சாதாரணமாகச் சராசரி பில் 70 யூரோ அளவில் இருந்தது; அந்த வாக்கியத்தைச் சொன்ன இடங்களில் 129 யூரோவுக்கு அருகே போனது. கூடுதல் தொகையில் பெரும்பங்கு தேவையற்ற பாகங்களுக்கும் செய்யாத வேலை நேரத்துக்கும் போட்டது. வாடிக்கையாளர் கேள்வி கேட்கமாட்டார் என்ற குறிப்பு ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. ‘பட்டியலில் உள்ள விலைதானே, சரியாகத்தான் இருக்கும்’ என்ற நிம்மதியும் வந்தவருக்கு அதே குறிப்பைத் தரலாம் என்பது என் ஊகம். முன்பதிவின்போது ஒரு தொகையைக் காட்டிவிட்டுக் கடைசித் திரையில் கட்டணங்களைச் சேர்ப்பதும், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் முறையற்ற வணிக உத்திகளாகவே இடம்பெற்றுள்ளன. அவை திரையில் நடப்பவை, பிடித்துவிடலாம். வீட்டுக்குள் ஏணிமேல் நின்று சொல்லும் பரிந்துரையை எந்த வழிகாட்டுதலும் எட்டுவதில்லை.

பாதுகாப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது வருகிறவர் யார் என்ற கேள்வி. ஆளின் அடையாளத்தைச் சரிபார்த்து, காவல்துறைப் பதிவைப் பார்த்து அனுப்புவதாகச் செயலிகள் சொல்கின்றன. அதன் பயன் மெய்யானது: பெயரும் படமும் முன்கூட்டியே கைக்கு வருகின்றன, வந்து சென்ற நேரம் பதிவாகிறது. ஆனால் குற்றப் பதிவு இல்லாதவர் என்பதற்கும் மின்சாரம் தெரிந்தவர் என்பதற்கும் தொடர்பில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி விளக்கு, விசிறி, சுவிட்ச் மாற்றுவது போன்றவற்றுக்கு மேற்பட்ட மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழ் தரவும் மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று தனி அமைப்பு உண்டு. செயலியில் எலக்ட்ரீஷியனின் நட்சத்திரம் பெரிதாகத் தெரிகிறது. அந்தச் சான்றிதழ் எண்ணையும் அதே அளவில் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

இதன் விளைவை ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தில் பார்க்கலாம். மின்சாரம் போய்த் திரும்பும் வழியில் 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஷாக் அடித்து உயிர் போகாமல் காப்பது அதுதான். ஒரு வீட்டில் கீசர் போட்டால் அது டிரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கீசரின் ஹீட்டர் காயிலில் நீர் புகுந்து கசிவு உண்டாகியிருப்பது இதற்கு அடிக்கடி காணும் காரணம். சரியான வேலை, சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மெக்கர் வைத்து எதில் கசிவு என்று கண்டுபிடித்து, காயிலை மாற்றுவது. குறுக்கு வழி, கீசரின் லைனை ஆர்.சி.சி.பி.க்கு முன்பிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவது. பத்து நிமிடத்தில் முடியும், செலவு குறைவு, அதற்குப் பிறகு டிரிப்பே ஆகாது. வீட்டுக்காரர் மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் போடுவார். ஈரத்தோடு நின்று குளிக்கும் இடத்தில் காவல் நீங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. கேஸ் விஷயத்தில் நட்சத்திரம் தரத்தைக் காட்டாமல் விட்டது. இங்கே அது மோசமான வேலைக்கே பரிசு கொடுக்கிறது. கீசரின் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்ற புகாருக்கு அதை அடைத்துவிடும் பிளம்பரும் இதே பரிசைத்தான் பெறுவார்.

இதைச் சோதிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்ற எழுத்துள்ள சிறு பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். விழுந்தால் மட்டும் போதாது. அது விழுந்திருக்கும் நிலையில் கீசரின் விளக்கு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். எரிந்தால் அந்த லைன் அதன் காவலுக்கு வெளியே போய்விட்டது. எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்பே, அவர் முன்னிலையிலேயே இதைச் செய்துபார்ப்பது நல்லது.

இதற்கெல்லாம் ஒரு நேரடி மறுப்பு உண்டு: தெருமுனைக் கடையில் இருக்கும் தெரிந்த ஆளைக் கூப்பிட்டால் இந்தத் தொல்லை ஏன்? அவர் நாளைக்கும் அதே தெருவில்தான் இருக்கப்போகிறார், கேஸ் இறங்கினால் அவரிடமே போய்ச் சண்டை போடலாம். இந்த வாதத்தில் வலு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேலையில் நேர்மையைக் காப்பது மீண்டும் மீண்டும் சந்திக்க வேண்டிய கட்டாயம்தான். செயலி ஒவ்வொரு முறையும் புதிய ஆளை அனுப்பி அந்தக் கட்டாயத்தை அறுத்துவிடுகிறது. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககம் ஒன்றுக்கு ஆறு மாதம் முன்பு குடிவந்தவருக்குத் தெரிந்த ஆள் யார்? பலர் செய்வதுபோல் இணையத்தில் தேடி, முதலில் வரும் ‘சர்வீஸ் சென்டர்’ எண்ணுக்கு அழைத்தால், அது நிறுவனத்தின் பெயரில் யாரோ போட்ட போலி எண்ணாகவும் இருக்கலாம். தெரிந்த ஆள் இருப்பவர்கள் அவரையே வைத்துக்கொள்ளட்டும், சண்டை வந்தால் காட்ட பில் இருக்காது என்பதையும் நினைவில் கொள்ளட்டும்.

அந்த பில்தான் செயலியின் உண்மையான பலன். என்ன வேலை, எந்தப் பாகம், எவ்வளவு, எந்தத் தேதி என்பது ஒரு நிறுவனத்தின் பெயரில் எழுத்தில் இருக்கிறது. 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் கடமை அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு உண்டு. அதற்கு மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. ‘அடுத்த முறை நேராக எனக்கே போன் பண்ணுங்க சார், கம்மியா பண்ணித் தரேன்’ என்று வந்தவர் சொல்லும்போது நாம் விட்டுக்கொடுப்பது இதையெல்லாம்தான். அவர் அப்படிக் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கமிஷன் போகாமல் கூலி முழுதாகக் கைக்கு வருகிறது, நமக்கும் ஒரே ஆள் தொடர்ந்து வருவார். சொட்டும் குழாய்க்கு அப்படிக் கூப்பிடுவதில் பெரிய நட்டமில்லை. ஏ.சி. கேஸுக்கும் வயரிங்குக்கும் நான் அதைச் செய்யமாட்டேன்.

இன்னொரு மறுப்பு நிறுவனங்களின் பக்கத்திலிருந்து வரும்: பயிற்சியும் கண்காணிப்பும் கூடக்கூடத் தரம் தானே உயரும், இந்தக் குறைகள் வளரும் பருவத்தின் குறைகள் என்பார்கள். பயிற்சி உதவும்தான். ஆனால் பயிற்சி பெற்றவரையும் நேரமும் கமிஷனும் நட்சத்திரமும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கின்றன. நிறுவனம் விரும்பினால் இழுப்பை மாற்ற ஒரு வழி அதன் கையிலேயே இருக்கிறது. அதே வீட்டிலிருந்து, அதே சாதனத்துக்கு, ஆறு மாதத்துக்குள் மறுபடி முன்பதிவு வந்ததா என்ற கணக்கு அதனிடம் இருக்கும். ஒவ்வொரு டெக்னீஷியனின் பெயருக்கும் நேராக அந்த விகிதத்தைப் போட்டால், அது நட்சத்திரம் சொல்லாததைச் சொல்லும். சாதனமே பழையதாக இருந்தால் அவர்மேல் பழி விழுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சாதனத்தின் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோடைதோறும் வரும் கேஸ் முன்பதிவு நிறுவனத்துக்கு வருமானமாக இருக்கும்வரை, அது தானாக முன்வந்து இந்த எண்ணைக் காட்டும் என்று நான் நம்பவில்லை.

அதுவரை வீட்டுக்காரர் செய்யக்கூடியது, பழுதைச் சொல்வதையும் சரிசெய்வதையும் முடிந்தவரை பிரிப்பது. முதல் முறை ‘சோதனை மட்டும்’ என்று முன்பதிவு செய்து, சில நூறு ரூபாய் வருகைக் கட்டணத்தைக் கொடுத்து, காரணத்தைச் செயலியிலேயே எழுதச் சொல்லலாம். அவசரமில்லை என்றால் பெரிய தொகைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இன்னொருவரிடம் காட்டலாம்; ஒரு வருகைக் கட்டணம் வீணானாலும் ஒரு கேஸ் கட்டணம் மிஞ்சும். கேஸ்தான் என்று முடிவானால் கேட்க வேண்டியவை மூன்று: ஓட்டை எங்கே, வேக்குவம் பம்பு கொண்டுவந்தீர்களா, எத்தனை கிராம் ஏற்றினீர்கள். ஓட்டைக்கு விடை இல்லாமல் கேஸ் மட்டும் ஏற்றுவதாக இருந்தால் அதைத் தற்காலிக வேலை என்றே பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால், குழாயில் அது மிச்சமிருக்கும்போதே பற்றவைக்க முனைபவரைத் தயங்காமல் நிறுத்தலாம். வெளி யூனிட்டின் தகட்டையும் தராசில் தெரியும் எண்ணையும் போனில் படம் எடுத்து பில்லோடு வைத்துக்கொண்டால், அடுத்த கோடையில் வருபவர் மிச்ச கேஸை வெளியே எடுத்து எடைபோட்டு, போன வருடம் ஏற்றியதில் எவ்வளவு போய்விட்டது என்று கிராம் கணக்கில் சொல்ல முடியும்.